மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வந்த நீர்

பிரிக்ஃபீல்ட்ஸில் நானும் அண்ணனும் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு மூன்றாம் மாடியில். அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். காசநோய் வந்து குணமான பிறகு நுரையீரலில் தழும்பு நின்றுவிட்டது. வண்டியை விட வேண்டியதாயிற்று. நான் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை பார்த்தேன். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா போன பிறகு ஒருவருக்கு ஒருவர் என்று அந்த வீட்டில் இருந்தோம்.

முதலில் கறையைப் பார்த்தது அண்ணன்தான். அவருடைய அறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே சுவர். அதன் மேல்மூலையில், கூரையை ஒட்டி, தேநீர் கொட்டியது போல ஒரு பழுப்பு நிறம். மழைக்காலம், வெளிச்சுவர் ஊறியிருக்கும் என்று விட்டுவிட்டோம். மழை நின்றது, கறை நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அதன் ஓரமெல்லாம் கரும்புள்ளிகள் வந்தன. பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து பூசணமாகப் படர்ந்தன. அண்ணனின் சட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்தால் ஈர மண் வாடை அடித்தது.

அண்ணன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வாளியில் பிளீச் கலந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாற்காலி மேல் ஏறித் தேய்ப்பார். அன்று முழுக்க இருமுவார். நான் வேலை முடிந்து வந்து திட்டுவேன்.

"நீ வேலைக்குப் போன பிறகு நான் என்ன செய்யறது, சொவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கவா?" என்பார்.

வீட்டுக்காரம்மா கிள்ளானில் மகளோடு இருந்தார். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வீடு. கணவர் போன பிறகு அந்த வாடகைதான் அந்த அம்மாவுக்கென்று இருந்த வருமானம். நல்ல மனுஷி. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புவார். நான் சுவரைப் படம் பிடித்து அனுப்பினேன். அன்றே போன் செய்தார்.

"ஜன்னல தொறந்து வைக்கிறீங்களா மா? துணிய உள்ள காயப் போடுறீங்களா? அதான் அப்படி வருது. எங்க வீட்டிலயும் வந்துச்சு."

"ஆன்டி, இது மேலருந்து எறங்குது. தொட்டா கை நனையுது."

"சரி சரி, ஆள அனுப்பறேன்."

வந்தவர் பெயின்ட் அடிக்கிறவர். ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "எனக்கு அடிக்கத்தான் சொன்னாங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வெள்ளை அடித்துவிட்டுப் போனார். சில நாட்கள் அந்த அறை புதிதாக இருந்தது. பிறகு பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, உரிந்து, அண்ணனின் தலையணை மேல் விழுந்தது.

அதன் பின் பூச்சிகள். குழாய் ஏறிவரும் துளை வழியாகக் கரப்பான்கள் வந்தன. அவற்றுக்கு மருந்து வைத்தோம், அது எங்கள் பொறுப்பு என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு நாள் அண்ணனின் அறைக் கதவுச் சட்டத்தைத் துடைத்தபோது என் விரல் மரத்துக்குள் போய்விட்டது. உள்ளே காகிதம் போல மெலிந்திருந்தது. செல்லு, அதாவது கறையான், அரித்திருந்தது.

பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் திருப்புளியின் பிடியால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். "மருந்து அடிக்கலாம் அக்கா. ஆனா தண்ணிய நிறுத்தாம அடிச்சா திரும்ப வரும்லா. அதுக்கு ஈர மரம்னா உயிரு."

அன்று வீட்டு ஒப்பந்தத்தை எடுத்து முதன்முறையாக முழுதும் படித்தேன். இந்த நாட்டில் வாடகை வீடுகளுக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டோமோ அதுதான். சின்னச் சின்னப் பழுதுகளும் பூச்சியும் குடியிருப்பவர் பாடு, சுவரும் கூரையும் பெரிய குழாய்களும் வீட்டுக்காரர் பாடு என்று இருந்தது. செல்லு பூச்சியா, சுவரா? வீட்டுக்காரம்மா பூச்சி என்றார். நான் சுவர் என்றேன். போனில் எங்கள் குரல் உயர்ந்தது அன்றுதான். அண்ணன் அறைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே, "விடு, வயசானவங்க" என்றார்.

கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் கட்டட நிர்வாக அலுவலகம். விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார்.

"அக்கா, நீங்க டெனன்ட் தானே? ஓனர் வந்து கம்ப்ளெய்ன் கொடுக்கணும். அப்பத்தான் நாங்க செக் பண்ண முடியும்."

"ஓனருக்கு முட்டி வலி. மூணு மாடி ஏறிப் பாக்க முடியாது."

"அப்ப ஓனர எழுதச் சொல்லுங்க."

இதை வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். அந்த வாரமே கொமுட்டர் ரயிலேறி வந்துவிட்டார். ஒவ்வொரு தளத்திலும் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் பின்னால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணனின் அறை வாசலில் வந்து நின்றவர் உள்ளே போகவில்லை. சுவர் முழுக்கக் கறுப்பு. அண்ணன் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி அறையின் நடுவில் போட்டிருந்தார். பேச வாயெடுத்தால் இருமல் வந்தது. கையை மட்டும் கூப்பினார்.

"நான் சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன் மா" என்றார் அந்த அம்மா. "வாடகைய கொறைக்கத்தான் சொல்றீங்கன்னு என் மக சொன்னா. நானும் நம்பிட்டேன்."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே போய்ப் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நிர்வாகத்தார் சோதனைக்கு வந்தார்கள். நான்காம் மாடி வீட்டில் பாதுகாவலர் வேலை பார்க்கும் நேப்பாளிகள் பலர் ஒன்றாகக் குடியிருந்தார்கள். எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்கள். நிர்வாக ஆட்கள் அந்த வீட்டுக் குளியலறையின் நீர் போகும் வாயை அடைத்து, தரையில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். மறுநாள் எங்கள் சுவரில், கூரை ஓரத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. அண்ணன் அதைப் பார்த்து, "இப்பயாவது நம்புவானுங்க" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அண்மையில் பார்த்ததில்லை.

கசிவு மேல்வீட்டிலிருந்துதான் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்தது. அப்படிக் கொடுத்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் மேல்வீட்டு உரிமையாளர் பழுது பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நிர்வாகமே பார்த்து அவரிடம் செலவை வாங்கிக்கொள்ளலாம். விதி அப்படித்தான் இருக்கிறது என்று அலுவலகத் தம்பியே எனக்கு விளக்கினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மேல்வீட்டு உரிமையாளர் ஜொகூரில் இருந்தார். தன் வீட்டில் ஈரமே இல்லை, கட்டடம் பழசு, நிர்வாகம்தான் பார்க்க வேண்டும் என்றார். நிர்வாகம் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறோம் என்றது. செயற்குழு கூடட்டும் என்றது. வீட்டுக்காரம்மா தினமும் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அலுவலகக் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்ப்பேன். என்னைக் கண்டதும் அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொள்வார். மேலே அவர்கள் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். குளிக்காமல் எப்படி இருப்பார்கள்? ஒவ்வொரு தடவை மேலே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதும் நான் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன்.

அண்ணனைக் கூடத்தில் படுக்க வைத்தேன். ஆனால் அது சின்ன வீடு; வாடைக்குக் கதவு தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமைத்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து கிண்ணம் உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது மேல்வீட்டு ஆட்களில் இருவர் ஓடி வந்து, படிகளில் ஸ்ட்ரெச்சரைத் தூக்க உதவினார்கள்.

நிமோனியா. ஏற்கெனவே தழும்பேறிய நுரையீரல். வார்டில் டாக்டரிடம் என் போனிலிருந்த சுவர்ப் படத்தைக் காட்டினேன். இளம் பெண். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதனாலதான்னு என்னால எழுத முடியாது சிஸ்டர்" என்றார். "ஆனா இந்த ரூமுக்கு அவர திரும்பக் கூட்டிட்டுப் போகாதீங்க."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். நோட்டீஸ் எதுவும் வேண்டாம், நாளைக்கே காலி செய்தாலும் சரி, முன்பணம் அப்படியே வரும் என்றார். பிறகு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மேல் ஒட்டவில்லை. ஜொகூர்க்காரரை நான் பார்த்ததே இல்லை. முகமில்லாத ஆளிடம் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்?

அண்ணன் பிழைத்தார். ஆனால் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வேண்டும், படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தரைவீட்டுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் என் சம்பளம் எட்டாது. ஜெஞ்சாரோமில் இருக்கும் பெரியப்பா மகள் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வேலை இங்கே. ஸ்ரீ கெம்பாங்கானில், உடன் வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். நானும் அண்ணனும் அதுவரை வெவ்வேறு வீட்டில் இருந்ததே இல்லை.

நாங்கள் போன பிறகு வீட்டுக்காரம்மா மாநகர மன்றத்தின் கட்டட ஆணையர் அலுவலகத்துக்குப் புகார் கொண்டுபோனார். அங்கிருந்து கடிதம் வந்த பிறகுதான் நிர்வாகம் அசைந்தது. மேல்வீட்டுக் குளியலறைத் தரையை உடைத்து, நீர் கசியாத பூச்சு பூசி, புதிதாக ஓடு பதித்தார்கள். "ரிப்பேர் முடிஞ்சிருச்சு மா" என்று அவர் போனில் சொன்னபோது நான் கிளினிக்கில் இருந்தேன். "சரிங்க ஆன்டி" என்றேன்.

"திரும்பி வர்றதுன்னா உங்களுக்குத்தான் மொதல்ல" என்றார்.

"மூணு மாடி ஆன்டி" என்றேன்.

அந்த வாரம் ஜெஞ்சாரோமுக்குப் போனபோது அண்ணனிடம் சொன்னேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"தரைய ஒடச்சாங்கன்னா அந்தப் பையனுங்க குளிக்க எங்க போனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவர்களைப் பற்றி நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

"நல்ல பசங்க" என்றார். "என்னைத் தூக்குனப்ப ஒருத்தன் கையப் புடிச்சிக்கிட்டே வந்தான். பேரு கேக்கணும்னு நெனச்சேன், மூச்சு வரல."

உள்ளிருந்து பெரியப்பா மகள் சாப்பிடக் கூப்பிட்டார். குழாய் சிக்காமல் அதைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அண்ணனை எழுப்பி, மெதுவாக உள்ளே நடத்திக்கொண்டு போனேன்.