கட்டத்துக்கு எம்

அச்சகத்தில் அவளுக்குச் சல்லடை அக்கா என்று பேர். பி.டி.எஃப்பிலிருந்து காப்பி எடுத்தால், ஆங்கிலத்தில் எஃப்பும் ஐயும் ஒட்டிய எழுத்து ஏதோ ஒரு கோணல் குறியாக வந்து விழும். எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று அட்டவணை போட்டு, ஒரே தட்டலில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவாள். புருஷன் போன பிறகு அவள் வீட்டில் உலை வைத்தது இந்த வேலைதான்.

அன்று ஆஸ்பத்திரி மருந்தாளர், அச்சுக்குக் கொடுத்திருந்த மருந்து அளவுக் கையேட்டின் புரூஃப் தாளோடு வந்து நின்றார்.

"மைக்ரோகிராம் பூரா மில்லிகிராம் ஆயிருக்கு. ஆயிரம் மடங்கும்மா! இப்படியே அச்சாகியிருந்தா ஆளு காலி."

"எங்க அக்கா கண்ணுல தப்பு தப்பாது சார்" என்றார் முதலாளி. "அக்கா, சாஃப்ட்வேர் கோளாறுதானே?"

"ஆமாண்ணே. அது இஷ்டத்துக்கு மாத்துது" என்று அவள் வாய் முந்திக்கொண்டது.

முதலாளி உடனே சாஃப்ட்வேர் விற்ற பையனுக்குப் போன் போட்டு, கண்டபடி ஏச ஆரம்பித்தார். அவள் காது கூசியது. மைக்ரோ குறி வெறும் கட்டமாக வந்திருந்தது. மூலப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்டு, பின்னால் ஜி இருக்கிறதே, எம்.ஜி.யாகத்தான் இருக்கும் என்று அட்டவணையில் கட்டத்துக்கு எம் போட்டது அவள் கைதான்.

"அண்ணே, போனை வைங்க. பாவம் அவன். நான்தான் குத்துமதிப்பா போட்டேன்."

முதலாளி போனை வைத்தார். மருந்தாளர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பக்கத்தைத் திறங்க. ஒவ்வொரு வரியா நானும் பாக்கறேன்."

அவள் தலை நிமிராமல் திறந்தாள்.