வண்டி வேண்டாம் என்ற செய்தி

கல்வராயன் மலையில் நான் கிராம நர்ஸாக இருக்கிறேன். என் பகுதியில் பாதி ஊர்களில் சிக்னல் கிடையாது. யாராவது பைக்கில் பாறை மேட்டுப் பக்கம் போனால் அவரிடம் போனைக் கொடுத்து அனுப்புவோம். அங்கே பேசுகிற அளவுக்கு டவர் நிற்காது. ஒரு வரி மெசேஜ் நழுவிப் போகிற அளவுக்குச் சில நேரம் கிடைக்கும். அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கள் பிழைப்பு.

அன்று மத்தியானம் ஒரு கர்ப்பிணிக்கு வலி என்று புருஷன்காரன் வந்து கூப்பிட்டான். அவளுடைய முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து தங்காமல் போனது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிதான் என்று முதல் மாதத்திலிருந்தே சொல்லி வைத்திருந்தேன். போகிற வழியில் பாறை மேட்டில் நின்று ஆம்புலன்ஸ் டிரைவருக்கு மெசேஜ் போட்டேன். 'மேல ஒருத்தர எறக்கி வுட்டுட்டு வரேன்' என்று பதிலும் வந்தது.

நான் போய்ப் பார்த்தபோது வலி அடங்கியிருந்தது. பொய் வலி என்று முடிவு கட்டினேன். மலைக்கே அந்த ஒரு வண்டிதான், வேறு யாருக்காவது உதவட்டுமே என்று 'வலி நின்னுடுச்சு, வண்டி வேணாம்' என்று தட்டினேன். வழக்கம்போல் மெசேஜ் போகாமல், பக்கத்தில் கடிகாரக் குறி காட்டிக்கொண்டு நின்றது. கடைக்குக் கிளம்பிய அவள் கொழுந்தனிடம் போனைக் கொடுத்தேன். “மேட்டுல கொஞ்சம் நில்லு. அது தானா போய்டும்” என்றேன்.

பைக் சத்தம் மறைந்த கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. தொட்டுப் பார்த்தேன். குழந்தையின் தலை கீழே திரும்பாமல் மேலேயே இருந்தது. இந்த மாதிரிப் பிரசவத்தை அந்த வீட்டில் வைத்து நான் பார்க்க முடியாது.

புருஷனைப் பிடித்து உலுக்கினேன். “குறுக்கு வழியில ஓடு. போன்ல கடிகாரம் இருந்தா மெசேஜ் இன்னும் நம்ம போனுக்குள்ளதான் கீது. அத அழுத்திப் புடிச்சி அழிச்சிடு, போவாது. ஒரு டிக் வுழுந்தா சர்வருக்குப் போய்டுச்சு. ரெண்டு டிக் வுழுந்தா டிரைவர் போனுக்கே போய்டுச்சு. அப்புறம் அவரு வண்டிய வேற ஊருக்குத் திருப்பிடுவாரு. டிக் எதுனா வுழுந்திருந்தா, வண்டி வேணும்னு புதுசா ஒண்ணு போட்டுட்டு வா.”

ஓடினான். அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை. “வண்டி வருமா நர்சம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “வருது, வருது” என்றேன். வருமா என்பது எனக்கே தெரியாது. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி செய்கிறேன் பேர்வழி என்று இப்படி ஒரு காரியம் செய்தேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அண்ணனும் தம்பியும் பைக்கில் திரும்பி வந்தார்கள். புருஷன் போனை நீட்டினான். திரை இருட்டாக இருந்தது.

“கடிகாரந்தாங்க இருந்துச்சு. அழுத்தப் போயி அனுப்பிடப் போறேன்னு பயந்து சுவிட்ச் ஆஃப் பண்ணிக்கினு வந்துட்டேன்.”

“யோவ், ஆஃப் பண்ணா அழிஞ்சிடுமா? அது உள்ளயே வரிசையில குந்திக்கினு இருக்கும்யா!” என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் கீழே ஹாரன் கேட்டது. வண்டி வந்துவிட்டது. வேண்டாம் என்ற சேதி டிரைவருக்குப் போகவில்லை, அதனால் வந்துவிட்டார். புருஷன்காரனைத் திட்டிய வாயாலேயே அவனைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. போனைப் பையில் திணித்துக்கொண்டு அவளைத் தூக்கி ஏற்றினோம்.

வண்டி மலை இறங்கியது. ஆஸ்பத்திரி டாக்டருக்குச் சொல்லிவிடலாம் என்று போனை ஆன் செய்து மெசேஜ் ஆப்பைத் திறந்தேன். டவர் வந்தது. என் கண் முன்னாலேயே அந்தப் பழைய மெசேஜின் கடிகாரம் மறைந்து ஒரு டிக் விழுந்தது, உடனே இரண்டாவதும் விழுந்தது. முன்னால் ஸ்டாண்டில் இருந்த டிரைவரின் போன் 'டிங்' என்றது. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

“இன்னா நர்சம்மா, வலி நின்னுடுச்சா? வண்டி வேணாமா?”

மேட்டில் ஒரு காற்று மாறி டவர் கிடைத்திருந்தால் இந்தக் கேள்வியை அவர் வேறு ஏதோ ஊரில் இருந்து கேட்டிருப்பார், நான் அந்த வீட்டில் வெறுங்கையோடு நின்றிருப்பேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது.

படுத்திருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

“வேணும்னு போடுங்க நர்சம்மா” என்றாள். “இப்பவே போடுங்க.”

டிரைவர் எனக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் போட்டேன். இரண்டு டிக் விழுகிற வரைக்கும் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.