மீன் அக்காவின் சனிக்கிழமை

எங்கள் மாமாவுக்குப் பேச்சு வராது என்றில்லை. பேச வேண்டிய இடமெல்லாம் அவர் மனைவி, என் அக்கா, பேசிவிடுவதால் அவருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இருவரும் சேர்ந்து அலங்கார மீன் கடை நடத்துகிறார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், ஓயாமல் குமிழி விடும் காற்று மோட்டார்கள், எப்போதும் ஈரமாக இருக்கும் தரை. தண்ணீர் மாமாவின் பொறுப்பு. மனிதர்கள் அக்காவின் பொறுப்பு. கடைக்கு வருகிற குழந்தைகள் அவளை ‘மீன் அக்கா’ என்பார்கள். மாமாவை ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள்; கூப்பிட்டால் அவர் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

இணையத்தில் கடைக்கு இருக்கும் பக்கத்தையும் அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிறு மதியம் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, அந்த வாரத்துக்கான பதிவுகள் முழுவதையும் ஒரே மூச்சில் போனில் எழுதிவிடுவாள். படம், நாலு வரி, போக வேண்டிய நாள், நேரம். “உடனே வெளியிடு” என்பதைத் தொடாமல் நேரம் குறிப்பதைத் தொட்டுவிட்டால் போதும், அது தானாகப் போய்விடும். அப்புறம் வாரம் பூராவும் அதைப் பற்றிய கவலை இல்லை. ஒரு மீனைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: ‘இவர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யமாட்டார். செய்கிறவர்களைத் துரத்துவார்.’

பக்கத்தில் ஒவ்வொரு பதிவு வரும்போதும் மணி அடிக்கும்படி மாமாவின் போனிலும் அவளே வைத்துக் கொடுத்திருந்தாள். மணி அடித்ததும் மாமா பின்கட்டிலிருந்து, “வந்துருச்சு” என்பார். அவளுடைய போனும் அதே நேரத்தில் சொல்லியிருக்கும். ஆனாலும் கல்லாவிலிருந்து, “வந்துருச்சா? சமத்து” என்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் சண்டை போடாமல் பேசிக்கொண்டது அதுதான் என்று நான் கேலி செய்வதுண்டு.

அந்தப் புதன்கிழமை காலை, கையில் வலையோடு அக்கா கல்லாவுக்குப் பக்கத்தில் சரிந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. ஆபரேஷன் முடிந்தது, கண் திறக்கவில்லை. நான் கடல் தாண்டி இருக்கிறேன்; ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் விமானம் கிடைத்தது. அதுவரை போனும் நானும்.

மாமா அன்று மாலை கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“வந்துருச்சுடா.”

“என்ன மாமா? கண் திறந்துட்டாளா?”

“இல்லடா. பதிவு. மேனேஜர் பதிவு. இங்க வராந்தாவுல உக்காந்திருக்கேன், மணி அடிக்குது.”

பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“சனிக்கிழமை குழந்தைகளை வரச் சொல்லிப் போடறேன்னு அவ சொன்னா. பத்து மணிக்கு வந்தா, தொட்டி வைக்கிறது எப்படின்னு சொல்லித் தருவாளாம். வர்ற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மீனு இலவசமாம். அந்தப் பதிவு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகும். அதை நிறுத்தணும்டா. புள்ளைங்க வந்து பூட்டுன கதவைப் பாக்கக் கூடாது. அவ தாங்கமாட்டா.”

“அவ போன் உங்ககிட்டதானே இருக்கு? திறந்து, நேரம் குறிச்சது எல்லாம் ஒரு பட்டியலா இருக்கும், அதுல...”

“திறந்தாத்தானே.”

அக்கா விரலை வைத்துத் திறப்பாள். மாமா நர்ஸிடம் கெஞ்சி உள்ளே போயிருக்கிறார். ஊசி குத்தி வீங்கியிருந்த கையைத் தூக்கி, கட்டைவிரலைத் துடைத்து, போன் மேல் வைத்திருக்கிறார். ஆனால் பையில் கிடந்த போன் சார்ஜ் இறங்கி அணைந்து, மறுபடி போடப்பட்டது. அப்படி அணைந்து எழுந்த போன் விரலை ஏற்காது. முதலில் எண்ணைக் கேட்கும். எண் அக்காவின் தலைக்குள் இருந்தது.

“பொறந்த நாள் போட்டேன், கல்யாண நாள் போட்டேன். உன் பொறந்த நாள்கூடப் போட்டேன். இப்ப கொஞ்ச நேரம் கழிச்சு வான்னு சொல்லுது. என்னைப் போயி வான்னு சொல்ல அது யாருடா?”

“இனிமே போடாதீங்க மாமா. ரொம்பத் தப்பாப் போட்டா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சாலும் அழிஞ்சிடும்.”

“நீ படிச்சவன்தானே. அங்கேர்ந்து ஏதாவது பண்ணேன்.”

நான் செய்து பார்த்தேன். பக்கத்தை நிர்வகிக்கும் உரிமை அவள் ஒருத்தியிடம் மட்டும்தான் இருந்தது. எனக்குக் கொடு என்றால், “நீ எழுத்துப்பிழை பாப்பே, போடா” என்பாள். வெளியிலிருந்து பார்க்கிற எங்களுக்கு, போன பதிவுதான் தெரியும். போகப்போகிற பதிவு தெரியாது. உதவி மையத்துக்கு எழுதினேன். கோரிக்கை கிடைத்தது என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னபடி மணி அடித்தது. ‘நாளை காலை பத்து மணி. உங்கள் முதல் மீன் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அம்மா அப்பாவையும் அழைத்து வரலாம், சேட்டை பண்ணாமல் இருந்தால்.’

அதன் கீழே மாமா தன் கணக்கிலிருந்து, ‘நாளைக்கு இல்லை’ என்று எழுதினார். அவர் கணக்கில் பெயரும் கிடையாது, முகமும் கிடையாது. ஒரு கெளுத்தி மீன் படம்தான். யாரோ பதில் போட்டார்கள்: ‘நீங்க யாரு சார்? ஏன் இந்த வயித்தெரிச்சல்?’ அதற்கு நிறைய சிரிப்பு விழுந்தது.

“உண்மையை எழுதட்டுமா மாமா? ஆஸ்பத்திரியில இருக்கான்னு?”

“வேண்டாம்டா. குழந்தைங்க படிக்கிற இடம்.”

சனிக்கிழமை காலை, அக்காவை என் சின்னம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மாமா கடைக்குப் போனார். கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டு வருவதாகத்தான் போனார். அதற்குள் வாசலில் ஆட்கள். ஒரு சின்னப் பெண் சமையலறையிலிருந்து எடுத்துவந்த ஊறுகாய் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

“மீன் அக்கா எங்க?” என்று கேட்டாள்.

“வரல.”

“ஏன்?”

மாமா ஷட்டரைத் தூக்கினார்.

இலவச மீன்களுக்கு அக்கா வெள்ளிக்கிழமைதான் ஆர்டர் கொடுப்பதாக இருந்தாள். அதனால் மாமா இருக்கிற தொட்டிகளில் வலையைப் போட்டார். பேசாமல் செய்துகாட்டினார். மீன் இருக்கும் பையைக் கட்டியபடியே தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமாகும் வரை விரலை வாயில் வைத்து எல்லோரையும் அமைதியாக நிற்கவைத்தார். ஒரு தகப்பன், “என்னங்க, பேசவே மாட்டீங்களா? உங்க வீட்டம்மா இருந்தா எவ்வளவு கலகலப்பா இருக்கும்” என்றாராம். மாமா தலையாட்டினார்.

“மேனேஜரையும் கொடுத்துட்டேன்டா” என்றார் என்னிடம். “அந்த ஜாடிப் புள்ளை அதைத்தான் கேட்டுச்சு. ஜாடியில வச்சா செத்துரும்னு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு சின்னத் தொட்டியோட கொடுத்தனுப்பிட்டேன்.”

கடைசி ஆள் போனதும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

அக்கா நன்றியையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். வேலையை மிச்சம் வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ‘இன்று வந்த எல்லாக் குட்டி நண்பர்களுக்கும் நன்றி! என்ன கூட்டம், என்ன சத்தம்! எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.’

கீழே கேள்விகள் வர ஆரம்பித்திருந்தன. ‘நீங்க எங்க இருந்தீங்க? நாங்க பாக்கவே இல்லையே?’ ‘அக்கா, பொய்!’

“என்னடா பதில் எழுதறது?” என்று கேட்டார் மாமா.

நான் யோசிப்பதற்குள் அடுத்ததையும் கேட்டார்.

“இன்னும் எத்தனை போட்டு வச்சிருக்கான்னு தெரியுமா?”

“தெரியாது மாமா. வழக்கமா ஒரு வாரத்துக்குத்தானே. நாளைக்கு ஒண்ணு இருக்கலாம். இதே கடைசியாவும் இருக்கலாம்.”

நிறுத்து, நிறுத்து என்று மூன்று நாளாகச் சொன்ன மனிதர், அந்த மணியை இன்னும் சத்தமாக வைப்பது எப்படி என்று என்னைக் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

“உள்ள போனை எடுத்துட்டுப் போகலாமாடா?”

“சத்தம் வைக்க விடமாட்டாங்க மாமா.”

“சரி” என்றார். “வந்தா, நான் அவகிட்ட வாயால சொல்லிக்கிறேன்.”