மாஸ்டர் மறந்த பாஸ்வேர்டு

தெருமுனை சலூன்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடையை நடுவில் பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் அவருடைய சுழல் நாற்காலி, இந்தப் பக்கம் அவர் மனைவியின் தையல் மெஷின். அவர் வாயும் ஓயாது, அவள் மெஷினும் ஓயாது.

அன்று மத்தியானம், சவரச் சாமான் கொண்டுவருபவர் வந்து பணத்துக்கு நின்றார். மாஸ்டர் போனை எடுத்து, பணம் அனுப்பும் வாலட் செயலியைத் திறந்தார். தட்டினார், மறுபடி தட்டினார். பிறகு தடுப்பைத் தாண்டி வந்து போனை அவள் முன்னால் நீட்டினார்.

பலமுறை தவறான பாஸ்வேர்டு உள்ளிடப்பட்டதால், பாதுகாப்புக்காகக் கணக்கு முடக்கப்பட்டிருப்பதாகத் திரை சொன்னது.

"எவனோ நம்ம கணக்குல கை வைக்கிறான்." சொன்னவர், குரலைத் தாழ்த்தி, "நீ ஏதாவது மாத்தினியா?" என்றார்.

"உங்க போனை நான் தொட்டதே இல்லைங்களே!"

சாமான்காரர் சங்கடப்பட்டு, அடுத்த வாரம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினார். வாலட்டின் உதவிப் பக்கத்தைத் தேடித் திறந்து அவள் தட்டச்சு செய்ய, மாஸ்டர் நின்றபடியே சொன்னார்: "என் கணக்கில் யாரோ திருட்டுத்தனமாக நுழையப் பார்க்கிறார்கள். உடனே கண்டுபிடித்து, கணக்கைத் திறந்துவிடவும்."

அவள் ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்து அடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மாஸ்டர் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்ததால் அவளே எடுத்துப் படித்தாள். வேறு எந்தக் கருவியிலிருந்தும் யாரும் முயலவில்லை. சில நாட்களாக நடந்த முயற்சிகள் எல்லாமே இந்தப் போனிலிருந்துதான். பாஸ்வேர்டு மறந்திருந்தால், அடையாளத்தை உறுதிசெய்து புதியதை வைத்துக்கொள்ளலாம். பழையதையோ போனுக்கு வரும் ரகசிய எண்ணையோ யாரிடமும், எங்களிடமும்கூட, சொல்ல வேண்டாம்.

அவள் கை மெஷின் மேலேயே நின்றுவிட்டது. காலையில் கடை திறந்ததும் பின்கட்டில் போனோடு உட்கார்ந்திருப்பாரே, அது ஞாபகம் வந்தது. போன வாரம் ஒரு வாத்தியாருக்கு ஒரு பக்கம் வெட்டி முடித்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டார். வாத்தியார் சிரித்தார். அவளும்தான் சிரித்தாள்.

முடி வெட்ட வந்தவர் போனதும் சொன்னாள். "மறந்திருந்தா புதுசா வச்சுக்கலாம்னு போட்டிருக்காங்க."

"மறக்கிறதுக்கு எனக்கு என்ன வயசாயிடுச்சு?" என்று சீறியவர், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கீழே கிடந்த முடியைப் பார்த்தபடி சொன்னார். "நான்தான் போட்டேன்மா. ஒவ்வொரு தடவையும் இதுதான்னு தோணும். சத்தியமா தோணும்."

அவள் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினாள்.

அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பியாயிற்று. அடுத்து முகம். திரையின் வட்டத்துக்குள் பார்த்து, தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பச் சொன்னது. மாஸ்டர் வலப்பக்கம் திருப்பினார். செல்லாது என்றது. மறுபடியும் வலப்பக்கமே போனார். ஊர்த் தலையையெல்லாம் இரண்டு விரலால் திருப்பியவர் அவர். அவள் வட்டத்துக்கு வெளியே நின்று அவருடைய இடது தோளை மெல்லத் தொட்டாள். "இந்தப் பக்கங்க." குழந்தை மாதிரி திரும்பினார்.

கணக்கு திறந்தது. புதுப் பாஸ்வேர்டை இரண்டு தடவை தட்டினார். உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தவர், "என்ன வச்சேன்?" என்று கேட்டார்.

இந்த முறை அவர் சொல்லாமலே, உதவிப் பக்கத்தில் அவளே எழுதினாள். "நான் இவர் மனைவி. என் கணவருக்கு மறதி நோய் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தக் கணக்கை இனி நான் பார்த்துக்கொள்ளலாமா?" மறதி நோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. முகம் தெரியாத யாருக்கோ முதலில் சொல்லும்படி ஆயிற்றே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. ஒரு கணக்கு ஒருவருக்கு மட்டுமே, பாஸ்வேர்டைப் பகிரக்கூடாது. நீங்கள் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கலாம். அவர் விரும்பினால், இருப்பை அதற்கு மாற்றிவிட்டுத் தம்முடையதை மூடிக்கொள்ளலாம்.

அதை அவரிடம் முழுசாகப் படித்துக் காட்டினாள். மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார். "சரி, அப்படியே பண்ணிடு. எனக்குத் தெரியறப்பவே பண்ணிடலாம்" என்றார்.

இன்னொரு தடவை பாஸ்வேர்டை மாற்றி, அவள் பெயரில் தொடங்கிய புதுக் கணக்குக்கு அவரே தன் விரலால் பணத்தை அனுப்பினார். கணக்கையும் அவரே மூடினார். அந்த வாரமே டாக்டரிடம் போனார்கள். மறதி நோய் என்று அவள் எழுதியது பொய்யாகவில்லை.

கடைக்கு வருபவர்கள் பணம் அனுப்ப அவள் பெயர் போட்ட புது க்யூஆர் ஸ்டிக்கர் வந்ததும், கண்ணாடியில் ஒட்டியிருந்த பழையதை மாஸ்டர் நகத்தால் சுரண்டி எடுத்தார். பசை போகவில்லை.

"விடுங்க, நான் தொடைக்கிறேன்."

"என் பேருதானே, நானே தொடைக்கிறேன்" என்று சொல்லி, துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்.