பொட்டு வரைக்கும் சத்தம்

மதினி பேச எழுந்ததும் முதலில் கேட்டது, மண்டபத்து மூலையில் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியைக் கொஞ்சம் அணைக்க முடியுமா என்றுதான். "சத்தம் போட்டுப் பேசுனா மரியாதையா இருக்காது மாமா. நான் பையப் பேசுதேன், அதான் கேட்டேன்" என்றாள். யாரோ எட்டிச் சுவிட்சைத் தட்டினார்கள். விசிறி தள்ளாடி நின்றது. பங்குனி மாத வெக்கையில் அத்தனை ஆண்களும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். எங்கள் ஊர் அம்மன் கோயில் வரிக்கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை.

சேரன்மகாதேவியிலிருந்து முக்கூடல் போகும் வழியில், ஆற்றையொட்டி நாலே தெருக்கள் கொண்ட ஊர் எங்களுடையது. வருடம் ஒரு முறை அம்மனுக்குக் கொடை விழா. செவ்வாய்க்கிழமை பகலும் இரவும் கொடை என்றால், அதற்கு முந்தைய செவ்வாய் பந்தலுக்குக் கால் நாட்டுவார்கள். கால் நாட்டிய நிமிடத்திலிருந்து ரேடியோ செட் பாடத் தொடங்கும். கோயிலை ஒட்டிய பனையில் நாலு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டி, தெருவுக்கு ஒன்றாகத் திருப்பி வைப்பார்கள். விடிகாலையில் தொடங்கினால் ஊர் அடங்கும்வரை ஓயாது. எட்டு நாளும் அப்படித்தான். எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் சாப்பிடக் கூப்பிடுவதே கைச்சாடையில்தான் நடக்கும்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு முக்கூடலிலிருந்து வந்தவள் மதினி. நாத்தனாரான என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவள். பிளஸ் டூவில் மற்றதெல்லாம் தேறி, கணக்குப்பதிவியலில் மட்டும் தவறிய கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. பிறகு பிள்ளை, வயல், வீடு. அந்த வருடம் பாடத்திட்டம் மாறுகிறது, பழைய பாடத்தில் எழுத இதுதான் கடைசி வாய்ப்பு என்று அறிவிப்பு வந்தது. தவறவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அவள் பணம் கட்டித் தனித்தேர்வராகப் பதிந்துகொண்டாள். கால அட்டவணை வந்த அன்று இருவரும் காலண்டரைப் பார்த்தோம். கணக்குப்பதிவியல் தேர்வு புதன்கிழமை காலை. அதற்கு முந்தைய இரவு கொடை. படிக்க வேண்டிய கடைசி எட்டு நாளும் குழாய்க்கு அடியில்.

"எங்க அம்மா வீட்டுக்குப் போயிருதேன்னு வையி. கொடைக்கு மருமவ ஊருல இல்லன்னா அத்தைக்கு யாரு பதில் சொல்லுவா?" என்றாள் மதினி. போக முடியாது என்பது எனக்கும் தெரியும். ஊரில் பரீட்சை எழுதும் மற்றப் பிள்ளைகளுக்குப் போக வேறு ஊரும் கிடையாது.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கடைசி வருடம். எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும். கூட்டத்தில் சொல்ல வேண்டியவற்றை எழுதினேன். ஒன்று, இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. இரண்டு, குடியிருப்புப் பகுதியில் பகலில் ஐம்பத்தைந்து டெசிபல், இரவில் நாற்பத்தைந்து. மூன்று, பள்ளிக்கூடத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதி. நான்கு, கூம்புக் குழாய்க்கே தடை உண்டு, பெட்டி ஒலிபெருக்கிதான் வைக்கலாம். ஐந்து, காவல் நிலையத்தில் கோயில் கமிட்டி வாங்கும் அனுமதியிலேயே இந்த நிபந்தனைகள் இருக்கின்றன. மாசியில் பக்கத்து ஊர்க் கோயில் விழாவின்போது கைப்பேசியால் அளந்து பார்த்ததையும் சேர்த்திருந்தேன். கைப்பேசிக் கணக்கு துல்லியமில்லை. ஆனாலும் எங்கள் கல்லூரிக் கருவியோடு ஒப்பிட்டு எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்து வைத்திருந்தேன். எண்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை.

மதினி பொறுமையாகப் படித்தாள். "எல்லாம் சரிதான். இதை வாசிச்சா 'போலீசக் கூட்டிட்டு வந்துட்டா'ம்பாவ. அப்புறம் ஒருத்தரும் காது குடுக்க மாட்டாவ" என்றாள். பிறகு, "குழாயை ஏன் அம்புட்டுச் சத்தமா வைக்காவன்னு நீ யோசிச்சியா?" என்று கேட்டாள்.

நான் யோசிக்கவில்லை. அவள் யோசித்திருந்தாள். எங்கள் ஊரில் குழாய் என்பது பாட்டுக் கேட்பதற்கு அல்ல. வரி கொடுத்த தெருவுக்குக் குழாய் திரும்பியிருக்க வேண்டும், அது மரியாதை. போன வருடம் காற்றில் ஒரு குழாய் திரும்பிப்போய்க் கீழத்தெருவுக்குச் சத்தம் குறைந்ததற்கு அந்தத் தெருவே வரி கொடுக்க மாட்டோம் என்று நின்றது. சத்தத்தைக் குறை என்று கேட்பது, அந்தத் தெருவை மதிக்காதே என்று கேட்பதாகத்தான் அவர்கள் காதில் விழும்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேலையே தொடங்கியது. தூரம் இரு மடங்கானால் திறந்தவெளியில் ஒலி ஆறு டெசிபல் குறையும். பனை மரத்திலிருந்து கடைசி வீடுவரை கேட்க வேண்டுமென்றால் முதல் வீட்டின் காது கிழியத்தான் வேண்டும். அதே சத்தத்தைத் தெருத்தெருவாகப் பிரித்து, ஆளுயரத்துக்குச் சற்று மேலே சின்னப் பெட்டிகளாகக் கட்டிவிட்டால், ஒவ்வொன்றும் பேச்சுக்குரல் அளவில் இருந்தாலே போதும். செட்டுக்காரரின் ஆம்பிளிஃபயரும் ஒயரும் அப்படியே இருக்கலாம், பெட்டிக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் சரி. மதினியிடம் வரைந்து காட்டினேன். "அப்பம் தெருவுக்கு ஒண்ணுக்குப் பதிலா நாலு கிடைக்கும்னு சொல்லு" என்று சிரித்தாள். அவள் பேச்சு அந்த நிமிடத்தில் தயாராகிவிட்டது.

அண்ணனுக்குத்தான் பயம். "என்னயத்தான் கேலி பண்ணுவானுவ" என்று புலம்பிக்கொண்டே கூட்டத்துக்கு வந்தான். சொன்னதுபோலவே, மதினி எழுந்ததும் கீழத்தெருப் பெரியவர் ஒருவர், "என்னவே, வரி நீரு குடுக்கீரு, வாயி அவ பேசுதாளோ?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் சிரித்தது. மதினியும் சிரித்தாள். "அவுக பேசுனா சுருக்கமா முடிச்சிருவாவ மாமா. எனக்குக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லணும்" என்றாள். இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம் வந்தது. அப்போதுதான் விசிறியை நிறுத்தச் சொன்னாள்.

"இந்த ஊரு அம்மனைக் கும்பிட்டுத்தான் நான் வீட்டுக்குள்ள கால் வச்சேன். கொடை குறையணும்னு கேக்க வரல. கொடை ஊரு முழுக்கக் கேக்கணும்னுதான் நானும் சொல்லுதேன்" என்று தொடங்கினாள். பனையில் கட்டினால் கோயிலடி வீட்டுக்குக் காதடைக்கிறது, கடைசி வீட்டுக்குப் பாட்டா பேச்சா என்று தெரியவில்லை, ரெண்டு பேரும் ஒரே வரிதானே கொடுக்கிறார்கள் என்றாள். "தெருவுக்கு நாலு பெட்டி கட்டுவோம். எந்தத் தெருவுக்கும் முதுகைக் காட்டாது. காத்தடிச்சாலும் திரும்பாது." கீழத்தெருப் பெரியவர் மேலே போட்டிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். போன வருடக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகுதான் பரீட்சைக்கு வந்தாள். பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கமிட்டித் தலைவருடைய பேத்தி பெயரும் அதில் இருந்தது. கடைசியாகத் தன் பெயரையும் சொன்னாள். "எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு மாமா. தேறலன்னா எல்லாத்தையும் மறுபடி எழுதணும். எனக்கு அதுக்கு ஆயுசு கிடையாது." கால் நாட்டிலிருந்து கொடைவரை காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் மட்டும் செட் பாடட்டும், கொடையன்று பகலெல்லாம் பாடட்டும், பத்து மணிக்கு நிறுத்திவிடலாம் என்றாள்.

"ராத்திரி சாமக்கொடைக்கு வில்லுப்பாட்டு? மைக் இல்லாம எப்பிடித்தா?" என்று தலைவர் கேட்டார்.

"பக்கத்துல உக்காந்து கேப்போம் மாமா. மேளமும் வில்லும் மனுசன் அடிக்கது. கை ஓஞ்சா நிக்கும். குழாய்தான் ஓயாது."

செட்டு அண்ணாச்சி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "நான் குறைச்சுத்தான் வைப்பேன் தாயி. ராத்திரி பயலுவ வந்து குமிழைத் திருகிட்டுப் போயிருவானுவளே. நான் யாரைன்னு காவல் காக்க?"

மதினி இதற்கும் பதில் வைத்திருந்தாள். அது என் பட்டியலில் இல்லை. கால் நாட்டன்று ஆம்பிளிஃபயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் சுவிட்சைப் போடுவார்கள். "எப்பவும் நடுவுல வைக்க பொட்டை, இந்த வருசம் குமிழுக்குப் பக்கத்துல வைங்க. எங்க நாத்தனா அளந்து சொல்லுவா, எதுவரைக்கும் திருகலாம்னு. அந்த இடத்துல தலைவரு மாமா கையால பொட்டு வைக்கட்டும். அதைத் தாண்டித் திருக எவனுக்குக் கை வரும்?"

கீழத்தெருப் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "எங்க தெருவுக்கு அஞ்சு பெட்டி வேணும். நீளம் கூட." அவ்வளவுதான். அவர் பெட்டிக் கணக்குக்குப் போய்விட்டார் என்றால் குழாய் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தலைவர் ரோட்டுப் பக்கம் பார்த்தபடி, "பத்து மணிக்கு நிப்பாட்டுறது போலீசு பேப்பர்லயும் இருக்கத்தான் செய்யுது" என்றார், ஏதோ தனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்ததைப் போல. மதினி கைகூப்பிவிட்டு உட்கார்ந்தாள். அவள் முந்தானை நுனி வியர்வையில் நனைந்து கயிறுபோல முறுக்கிக் கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

கால் நாட்டன்று கைப்பேசியோடு தெருத்தெருவாக நடந்தேன். வாசல் வாசலாக நின்று, கையை உயர்த்தியும் தாழ்த்தியும் சாடை காட்ட, தெருமுனையில் நின்ற பிள்ளைகள் அதைக் கோயிலுக்குக் கடத்த, செட்டு அண்ணாச்சி குமிழைத் திருகினார். நான் போதும் என்ற இடத்தில் தலைவர் பொட்டு வைத்தார். கொடை இரவு பத்து மணிக்குச் செட் நின்றது. வில்லுப்பாட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு ஜனம் நெருங்கி நெருங்கி உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மதினி சாமி கும்பிட்டுத் திரும்பி, இருப்புநிலைக் குறிப்பை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கினாள். காலையில் அண்ணன் வண்டியில் தேர்வு மையத்துக்குப் போனாள்.

இப்போது நான் ஆலைகளில் இரைச்சல் அளக்கும் வேலையில் இருக்கிறேன். நல்ல கருவி இருக்கிறது, சட்டப் பிரிவுகள் மனப்பாடம். இருந்தாலும் நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது, எண்களை எடுப்பதற்கு முன், இந்த இயந்திரத்தை ஏன் இத்தனை வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் வழி இருக்கும்.

அந்த வருடத் தேர்வு முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கொடை முடிந்த பிறகும் வெள்ளிக்கிழமைப் பூசைக்கென்று பெட்டிகளைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். சாயந்திரப் பூசை முடிந்ததும் தலைவர் மைக்கைப் பிடித்து, பேத்தி பெயரில் தொடங்கி, தேறிய பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்டிச் சத்தம் எப்போதும்போல அளவாகத்தான் இருந்தது. எதிர்வீட்டில் டிவியைக் குறைத்தார்கள். யாரோ மிக்சியை நிறுத்தினார்கள். வாசலுக்கு வந்தவர்கள் பேச்சை விட்டார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போன ஆள்கூட நின்றுவிட்டார். மதினி எங்கள் வீட்டு வாசலில் மாவுக் கையோடு நின்றாள். ஊரே வாயை மூடிக் காத்திருக்க, அவள் பெயர் தெருவின் கடைசி வீடுவரைக்கும் தெளிவாகக் கேட்டது.