வெட்டிய கழித்தல் குறி

எட்டு விடைத்தாள்களிலும் ஆறாவது கேள்விக்கு ஒரே விடை இருந்தது. கூட்டல் 0.07 வோல்ட், ஆகவே இரசாயனத் தாக்கம் தன்னிச்சையாக நிகழும்.

எட்டும் பிழை.

சர்மிளா சிவப்புப் பேனையை மூடிவைத்துவிட்டு ஆசிரியர் அறையின் ஜன்னல் வழியே பார்த்தாள். கெலிஓயாப் பக்கம் போகும் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி வளைவில் திரும்பியது. ஒரு கணம், ஓட்டுவது அப்பாதானா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு நினைவு வந்தது. பேனையைத் திறந்தாள்.

கேள்வி அவளே போட்டது. வெள்ளீயம் ஒரு பக்கம், ஈயம் மறுபக்கம். வெள்ளீயம் கரைந்து ஈயம் படியும் தாக்கத்துக்கு நியம நிலையில் கலத்தின் அழுத்தம் கூட்டல் 0.01 வோல்ட். மிகச் சிறிய எண். அதற்காகவேதான் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள். நியம நிலையென்றால் இரு பக்கமும் செறிவு ஒன்று. இவளோ ஈய அயனின் செறிவை நூறில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுத்திருந்தாள். நேர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டால் 0.01இலிருந்து 0.06 கழிய வேண்டும். விடை கழித்தல் 0.05. எழுதிய திசையில் தாக்கம் தானாக நடக்காது, எதிர்த்திசையில்தான் நடக்கும். ஈயம் கரையும், வெள்ளீயம் படியும். செறிவு மாறினால் திசையே மாறலாம் என்பதுதான் அந்தக் கேள்வியின் உயிர்.

பிள்ளைகள் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தார்கள். சமன்பாடு தெரியாமல் அல்ல. ஏழு தாள்களில் சமன்பாடு கழித்தல் குறியோடுதான் தொடங்கியது. கடைசி வரிக்கு வரும்போது குறி மாறியிருந்தது. எட்டாவது தாள் சிந்துஜாவுடையது. அதில் −0.05 என்று தெளிவாக எழுதி, இரண்டு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் +0.07 என்று எழுதியிருந்தாள்.

வெட்டியதற்குப் புள்ளி கிடையாது. அது பரீட்சை விதி.

கணித ஆசிரியர் யோகராஜ் தேநீர்க் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"எத்தன பேரு தேறுது?"

"மூணு."

"மூணா! சரியாப் போச்சு. வெள்ளிக்கெழம வீரசிங்கம் சேர் வாறாரே, தெரியும்தானே?"

தெரியும். கல்வி வலயத்தின் இரசாயனவியல் ஆசிரிய ஆலோசகர் வீரசிங்கம் வந்து இந்தத் தாள்களைப் பார்ப்பார். பாதிப் பேராவது தேறவில்லையென்றால் உயர்தர விஞ்ஞான வகுப்பை இங்கே நடத்துவதில் அர்த்தமில்லை என்று எழுதுவார். எட்டுப் பேரையும் கண்டி நகரப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றுவார்கள். காகிதத்தில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் சிந்துஜா வரும் தேயிலைத் தோட்டத்திலிருந்து காலையில் ஒரே ஒரு பஸ். அதைப் பிடித்து நகரத்துக்குப் போய்ச் சேரும்போது இரண்டு பாடம் முடிந்திருக்கும். அவள் போகமாட்டாள். இன்னும் இரண்டு மூன்று பேரும் போகமாட்டார்கள்.

"முறைக்குப் புள்ளி குடுங்க மிஸ். சமன்பாடு எழுதியிருக்காங்க, பெறுமானம் போட்டிருக்காங்க. ஒரு குறிதானே?"

"அந்தக் குறிதான் கேள்வியே, சேர்."

"உங்களுக்கும் உங்க அப்பா மாதிரியே பிடிவாதம். நடு ரோட்டுல கைய காட்டினா நிப்பாட்டவே மாட்டாரு. பஸ் ஹோல்ட்டுல வந்து நில்லுன்னுவாரு. என்னைய எத்தன தடவ ஓட விட்டிருக்காரு!"

சர்மிளா சிரித்தாள். அப்பா போன பிறகு அவரைப் பற்றிச் சிரிக்கும்படி ஒருவர் பேசியது இதுதான் முதல் தடவை. யோகராஜ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்பிடி இருக்கீங்க மிஸ்? வீட்டுல எல்லாம்?"

"நல்லா இருக்கேன் சேர்."

அப்பா ராஜலிங்கம் கண்டிக்கும் கெலிஓயாவுக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டியவர். மகள் பேராதனையில் படித்த காலத்தில் பல்கலைக்கழகச் சந்தியைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். கூடப் படித்தவர்கள் கேலி செய்ததால் அவள் ஒருநாள் சண்டை பிடித்தாள். அன்றிலிருந்து ஒரு தரம் மட்டும் அடித்தார். பட்டம் வாங்கியதும் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. அதை விட்டு அவள் இந்தப் பாடசாலைக்கு வந்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மாலை ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்தவர் எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அவள் திரும்பி வந்தாள். அதற்குள் பிள்ளைகள் மின்னிரசாயனவியலை நகரத்து டியூஷன் குறிப்பொன்றைப் பார்த்துத் தாங்களே படித்திருந்தார்கள்.

மறுநாள் அவள் சிந்துஜாவைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினாள்.

"இத ஏன் வெட்டுன?"

சிந்துஜா வெட்டிய வரியை விரலால் தொட்டாள். "மைனஸ் வந்திச்சு மிஸ்."

"வந்தா?"

"மைனஸ் வந்தா செல்லே இல்லன்னு நெனச்சேன். அந்தக் குறிப்புல போட்டிருக்கு, விடை மைனஸா வந்தா குறிய சரிபாருங்கன்னு. ரெண்டு தரம் பார்த்தேன். ரெண்டு தரமும் மைனஸ்தான் வந்திச்சு. அப்ப நான்தான் பிழைன்னு..."

பக்கத்திலிருந்த ஷஹ்மா குறுக்கிட்டாள். "எல்லாருக்கும் மைனஸ்தான் வந்தது மிஸ். நாங்க ரஃப் வேர்க்லயே மாத்திட்டோம். இவதான் தாள்ல எழுதிட்டு வெட்டினா. இவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது."

"நீ பேசாம இரு," என்றாள் சிந்துஜா.

சர்மிளாவுக்குப் பிடி கிடைத்தது. குறிப்பில் இருந்ததெல்லாம் நியமக் கலங்கள். அங்கே எதை அனோட்டாக எடுப்பது, எதைக் கதோட்டாக எடுப்பது என்பதை நாமே விடை நேர் எண்ணாக வரும்படி தெரிவுசெய்கிறோம். அதனால் கழித்தல் வந்தால் தெரிவு பிழை. ஆனால் இந்தக் கேள்வியில் திசையைக் கேள்வியே கொடுத்துவிட்டது. இங்கே கழித்தல் பிழையல்ல, அதுதான் செய்தி. எட்டுப் பேருக்கும் சரியான விடை வந்திருந்தது. எட்டுப் பேரும் அதை நம்பவில்லை.

அவள் தாள்களைத் திருத்தி முடித்தாள். ஆறாவது கேள்விக்கு ஒருவருக்கும் முழுப் புள்ளி கொடுக்கவில்லை. தேறியவர்கள் மூன்று பேர். அப்படியே எழுதினாள்.

வெள்ளிக்கிழமை வீரசிங்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் பல வருடம். தாள்களைப் புரட்டினார், ஆறாவது கேள்வியில் நின்றார்.

"கேள்வி நல்லது பிள்ளை. பெறுபேறுதான் சரியில்லை."

"சேர், ஒரு பாடம் இருந்து பாருங்க. அதுக்குப் பிறகு நீங்களே ஒரு கேள்வி போடுங்க. அதை வச்சு எழுதுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். "என்ர கேள்வி லேசா இராது."

"இருக்க வேணாம்."

ஆய்வுகூடத்தில் இரண்டு கண்ணாடி முகவைகள். இரண்டிலும் செப்புச் சல்பேற்றுக் கரைசல்; ஒன்று கடும் நீலம், மற்றது நிறமே தெரியாத அளவுக்கு ஐதானது, நூறில் ஒரு பங்கு. இரண்டிலும் ஒரே மாதிரியான செப்புத் தகடு. நடுவே உப்புப் பாலம்.

"ரெண்டு பக்கமும் செப்பு. நியம அழுத்தம் எவ்வளவு?"

"சைபர் மிஸ்," என்றார்கள் எல்லோரும்.

"அப்ப மீற்றர்?"

"சைபர்."

சிந்துஜா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஷஹ்மா சிவப்பு வயரை நீலத்திலும் கறுப்பு வயரை ஐதானதிலும் இருந்த தகடுகளில் மாட்டினாள். மீற்றரில் நாற்பத்தொரு மில்லிவோல்ட் வந்து நின்றது. பின்வாங்கில் யாரோ "அடே" என்றான்.

"கணக்குப்படி ஐம்பத்தொன்பது வரணும்," என்றாள் சர்மிளா. "செறிந்த கரைசல்ல அயன்கள் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிக்கும். முழுச் செறிவும் வேலை செய்யாது. அது வேற பாடம். இப்ப வயரை மாத்து."

ஷஹ்மா மாற்றினாள். கழித்தல் நாற்பத்தொன்று.

"இப்ப செல் இல்லையா?"

இரண்டு பேர் மீற்றரை எட்டிப் பார்த்தார்கள்.

"இருக்கு மிஸ்," என்றாள் சிந்துஜா. மெல்லத்தான் சொன்னாள். "அதே செல்தான். நாம நெனச்ச பக்கம் பிழை. ஐதான பக்கத்துலதான் தகடு கரையுது."

"கழித்தல்னா?"

"மத்தப் பக்கமாப் போகுதுன்னு சொல்லுது. போகல்லன்னு சொல்லல்ல."

சர்மிளா மீற்றரை அணைத்தாள். ஒரு மாதமாக, எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கூட்டல் குறி போட்டு விடை சொல்லி வந்தது நினைவுக்கு வந்தது. பலகைக்குத் திரும்பி, வெட்டாமல், −0.05 என்று பெரிதாக எழுதினாள்.

வீரசிங்கம் எழுந்து வந்து சோக்கை வாங்கினார். இரும்பு கரைந்து கட்மியம் படியும் கலம். நியம அழுத்தம் கூட்டல் 0.04. இரும்பு அயன் ஒன்று, கட்மிய அயன் ஆயிரத்தில் ஒன்று. தன்னிச்சையா? இரண்டாவது பகுதி: இரும்பு அயனின் செறிவு கட்மியத்துடையதைப் போல எத்தனை மடங்கானால் இந்தக் கலம் நின்றுவிடும்?

"ரெண்டாவது பகுதி நான் படிப்பிக்கல்ல சேர்," என்றாள் சர்மிளா.

"தெரியும். யோசிக்கினமோ எண்டு பாப்பம்."

பிள்ளைகள் குனிந்தார்கள். சிந்துஜா ஒரு தரம் பேனையைத் தூக்கி எதையோ வெட்டப் போனாள். கை நின்றது. வெட்டவில்லை.

வீரசிங்கம் தாள்களை அங்கேயே, சாய்வு மேசையில் வைத்துத் திருத்தினார். முதல் பகுதியில் ஏழு பேர் கழித்தல் 0.05 என்று எழுதி, எதிர்த்திசையில் நிகழும் என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மடக்கையைத் தலைகீழாகப் போட்டிருந்தான். இரண்டாவது பகுதியை இரண்டு பேர் தொட்டிருந்தார்கள். ஷஹ்மா பாதியில் நின்றிருந்தாள். சிந்துஜா, நின்றுபோன கலத்துக்கு அழுத்தம் பூச்சியம் என்று ஒரு வரி எழுதி, ஏறக்குறைய இருபத்திரண்டு மடங்கு என்று முடித்திருந்தாள்.

"இந்தப் பிள்ளை எங்கையிருந்து வாறது?"

சர்மிளா தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். பஸ்ஸையும் சொன்னாள்.

வீரசிங்கம் பேனையை மூடினார். "வகுப்பு இஞ்சையே நடக்கட்டும் எண்டு எழுதிறன். அடுத்த வருசமும் பிள்ளையளை எடுங்கோ. ஆனா அந்த டியூஷன் குறிப்பை நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்ட வேணாம் சேர். அது எங்க பொருந்தும், எங்க பொருந்தாதுன்னு சொல்லிக் குடுக்கிறேன்."

"ஓம். அதுவும் சரிதான்."

அவர் போனதும் யோகராஜ் ஓடி வந்தார். "என்ன மிஸ் ஆச்சு?"

"இங்கயே இருக்கு சேர். வகுப்பு."

"அப்பாடா! எனக்கு நெஞ்சே நின்னுடும் போல இருந்திச்சு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் சிறுத்துப் போனது. "மன்னிச்சுக்கங்க மிஸ். நீங்க... எப்பிடி இருக்கீங்க?"

சர்மிளா கரைசல்களைப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இல்ல சேர்," என்றாள். "ஆனா அடுத்த கிழமை செறிவுக் கலம் திரும்பச் செய்யணும். அந்தப் பையனுக்கு மடக்கை பிடிபடல்ல. நீங்க ஒரு பாடம் தருவீங்களா?"

"தாறேன் மிஸ். ரெண்டு பாடமே தாறேன்."

கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது, ஒரு தரம். அவள் எட்டிப் பார்க்கவில்லை. தகடுகளைக் கழுவி, துடைத்து, காய வைத்தாள்.