பன்னிரண்டு ஃபிரேம் சும்மா

தொண்ணூறுகளின் கடைசியில் டில்லி கரோல் பாக்கில் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவில் தற்காலிக வேலையில் இருந்தேன். கையால் வரையும் கார்ட்டூன். விநாடிக்கு இருபத்துநான்கு ஃபிரேம், அதாவது இருபத்துநான்கு படம். என் கோடு சுத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர்களைவிட அதிகமாக நானே சொல்லிக்கொள்வேன்.

வேலை நிரந்தரமாக ஒரே ஒரு ஷாட் தேறவேண்டும். பேப்பர் படிக்கும் காவலாளி நிமிர்கிறான். எதிரே நாற்காலியில் ஒட்டகம் டீ குடிக்கிறது. மறுபடி பேப்பருக்கே திரும்புகிறான். அப்புறம்தான் உறைக்கிறது, தூக்கிவாரிப் போடுகிறது. இரண்டு முறை வரைந்தேன். இரண்டு முறையும் டைரக்டர் சிரிக்கவில்லை. இவன் அதிரவில்லை, தூங்கி எழுந்திருக்கிறான் என்று இந்தியில் சொன்னார். மூன்றாவதுதான் கடைசி என்றும் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? இன்னும் வழுவழுப்பாக்கினேன். தலை உயரும் இடத்தில் மட்டும் பத்துப் படம் கூடுதலாகச் செருகினேன். பேப்பரைப் பார்க்கும் நேரத்தில்கூட அவன் மீசையை ஆட்டினேன். படம் அசையாமல் நின்றால் சம்பளத்துக்குத் துரோகம் என்று நினைத்தவன் நான்.

படங்களைக் கேமராவில் எடுப்பவள் மயூர் விஹாரில் வளர்ந்த தமிழ்ப் பெண், சேர்ந்து இரண்டே மாதம், அவளும் தற்காலிகம்தான். என் படக் கட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, பேப்பரப் பாக்கறச்சே அவன அப்படியே விட்டுடுங்கோ. அப்பறம் கண்ண மூடிண்டு தலைய தோளுக்குள்ள அமுக்கணும். அங்கேர்ந்து ஜல்தி மேல வந்துடணும். நடுவுல இத்தன படம் எதுக்கு?"

"எடுக்கற வேலைய மட்டும் பாரும்மா" என்றேன்.

மறுநாள் காலை திரையில் ஓட்டினார்கள். காவலாளி பேப்பரைப் பார்த்தபடி சிலையானான். தலை தோளுக்குள் புதைந்தது. அடுத்த கணம் கழுத்து நீண்டு, கண் பிதுங்கி, உச்சியில் அப்படியே நின்றான். அறையே சிரித்தது. டைரக்டர் மூன்று முறை ஓட்டச் சொன்னார்.

"எல்லாம் டைமிங்தான் சார்" என்றேன், வெட்கமில்லாமல். என் மீசை ஆட்டம் எங்கே போயிற்று என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

"அச்சா, பேப்பரைப் பார்த்தபடி அந்த நிற்பு எத்தனை ஃபிரேம்?" என்று கேட்டார்.

நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். "பன்னிரண்டு, சார்" என்றாள் அவள். "தலை அமுங்க ஆறு, மேலே வர ரெண்டு." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான் செருகியதையெல்லாம் இவள் எடுத்துவிட்டாள், சார். தலை அமுங்கும் படம்கூட இவள் வரைந்ததாகத்தான் இருக்கும்" என்றேன்.

இருவரையும் நிரந்தரமாக்கினார். அவளை முக்கியப் படங்கள் வரைய. என்னை, அவள் படங்களுக்கு நடுவே இடைப்படம் போட. எத்தனை போடுவது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் அவளைக் கேட்டுக்கொண்டேன். பல நாள் அவள் சொன்ன பதில், "ஒண்ணும் வேண்டாம் அண்ணா."